சூப்பானுக்குப் பின்னால் இருக்கும் வாய்

“கண்ணு ரெண்டும் எவ்ளோ அழகா விழுந்திருக்கு பாருங்கண்ணே, வாயில இருக்கிற அந்த நிப்பிள மட்டும் எடுத்துடுங்க.” ஃபோட்டோ ஸ்டுடியோவில் திருத்த வேலை செய்பவர்கள் எல்லோரும் இந்த வேண்டுகோளைக் கேட்டிருப்பார்கள். முதல் பிறந்தநாள் ஃபிளெக்ஸ், காதுகுத்துப் பத்திரிகை, கூடத்தில் மாட்டும் பெரிய படம் என்று தேவை எதுவானாலும், கைவசம் இருப்பதில் நல்ல படம் சூப்பானோடுதான் இருக்கும். இது தற்செயல் இல்லை. வாயில் சூப்பான் இருந்ததால்தான் பிள்ளை அந்த நேரத்தில் அழாமல், தலையை ஆட்டாமல், கேமராவை உற்றுப் பார்த்தது.

கேட்பவர்களுக்கு இது சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோன்ற வேலையாகத் தெரிகிறது. ஆனால் சூப்பானின் தட்டு நாலு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அது மேலுதடு, கீழுதடு, மூக்குக்குக் கீழே இறங்கும் சின்னப் பள்ளத்தில் பாதி, மோவாயின் மேல்பகுதி ஆகியவற்றை மறைத்துவிடும். கேமரா அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை, எனவே பிளாஸ்டிக்கை அழித்தால் அடியிலிருந்து வாய் வெளிவரப்போவதில்லை. அங்கே ஒரு வாயைக் கட்டித்தான் ஆகவேண்டும். அதுவும் எட்டு மாதமாக அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரியும் அம்மாவிடம் தேறுகிற வாயாக அது இருக்கவேண்டும்.

தட்டை மறைப்பதில் பெரிய சிரமமில்லை. தட்டுக்கு வெளியே முகத்தில் அது விட்டுவைத்திருக்கும் தடயங்கள்தான் ஆளைக் காட்டிக்கொடுப்பவை. வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே கன்னத்தில் பிறைபோல ஒரு நிழல் விழுந்திருக்கும். சூப்பான் நீலமென்றால் மோவாயிலும் மூக்கடியிலும் லேசாக நீலம் பூத்திருக்கும், ஏனென்றால் பளபளப்பான பிளாஸ்டிக் தன் நிறத்தைப் பக்கத்துத் தோல்மீது திருப்பி அடிக்கிறது. தட்டின் விளிம்பு அழுந்திய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை சப்பிக்கொண்டிருக்கிறது. சப்பும்போது கன்னம் உள்ளே இழுபடும், தாடை கொஞ்சம் கீழே இறங்கும், வாயோரத்தில் சிறு குழி விழும். சூப்பானை மட்டும் எடுத்துவிட்டு இவற்றை அப்படியே விட்டால், எதுவுமில்லாத வாய் எதையோ உறிஞ்சுவதுபோல இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ‘என்னமோ மாதிரி இருக்கே’ என்பார்.

அண்மையில் செய்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டு மாதப் பெண்குழந்தை, ஜன்னலுக்கு அருகே பாயில் உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வெளிர்நீலச் சூப்பான். படம் 4000-க்கு 6000 பிக்சல். 12-க்கு 18 அங்குலத்தில் அச்சுப்போட்டுச் சட்டம் கட்டித் தரவேண்டும். படத்தில் சூப்பானின் தட்டு ஏறக்குறைய 650 பிக்சல் அகலம் வந்தது, அதாவது அச்சில் இரண்டு அங்குலம். இவ்வளவு பெரிதாக வரும் இடத்தில் சிறு தவறும் சுவரில் தெரியும்.

முதல் வேலை கணினியில் இல்லை, அம்மாவிடம் கேள்வி கேட்பதில் இருக்கிறது: “அதே நாள்ல எடுத்த வேற படம் இருக்காம்மா? மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, கண்ணு மூடியிருந்தாலும் பரவாயில்ல, வாய் தெரிஞ்சா போதும்.” அழித்துவிட நினைத்த படங்களில்தான் பெரும்பாலும் அந்த வாய் கிடைக்கும். ஒரே குழந்தை, ஒரே வயது, ஏறக்குறைய ஒரே கோணம் என்பதுதான் தேவை. மூன்று மாதம் முந்திய படம்கூட அவ்வளவாக உதவாது, இந்த வயதில் முகம் அவ்வளவு வேகமாக மாறுகிறது. இணையத்தில் கிடைக்கும் வேறொரு குழந்தையின் வாயை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அழகாகப் பொருந்தலாம், ஆனால் அது அவளுடைய வாய் இல்லை. பாட்டி ஒருத்தி வந்து நின்று பார்த்தால் போதும், அப்பொழுதே தெரிந்துவிடும். அந்த வழி எனக்கு உடன்பாடில்லை.

அம்மாவின் ஃபோனில் அதே காலையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. வாய் அரைகுறையாக மூடி, கீழுதடு சற்றுத் தொங்கியிருந்தது. குழந்தை மறுபக்கம் திரும்பியிருந்ததால் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. இதற்கு வழி உண்டு. வாய்ப்பகுதியை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் ஒத்துவந்துவிடும், ஏனென்றால் வாய் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வாய் திறந்து ஒரே ஒரு பால்பல் எட்டிப்பார்க்கிறது என்றால் திருப்பக்கூடாது. எந்தப் பக்கம் முதலில் பல் முளைத்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். உதட்டோர மச்சமும் அப்படித்தான். இந்தப் படத்தில் பல் தெரியவில்லை, அதனால் துணிந்து திருப்பலாம்.

சிரிக்கும் வாய் கிடைத்தால் அதையே வைக்கச் சொல்லி வீட்டில் ஆசைப்படுவார்கள். அங்கே மறுத்துச் சொல்லவேண்டியிருக்கும். குழந்தை சிரித்தால் கன்னம் மேலேறி, கீழ் இமையைத் தள்ளி, கண் சுருங்கும். சூப்பானைச் சப்பும் குழந்தையின் கண்ணோ அகலத் திறந்து அமைதியாக இருக்கும். அந்தக் கண்ணுக்குக் கீழே சிரிக்கும் வாயை வைத்தால் முகத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் இரண்டு பேருடையதாகிவிடும்.

இனி ஃபோட்டோஷாப். மூலப் படத்தைத் தொடாமல், Ctrl+J அழுத்தி ஒரு நகல் லேயரில் வேலையைத் தொடங்குகிறோம். வாயை உடனே கொண்டுவந்து ஒட்டத் தோன்றும். அதற்குமுன் சூப்பான் இருந்த இடம் முழுவதையும் தோலால் மூடிவிடுவது நல்லது. வாயின் ஓரத்தை மாஸ்க்கில் மெல்லக் கரைக்கும்போது அடியில் என்ன இருக்கிறதோ அது மேலே கசியும். அடியில் நீலப் பிளாஸ்டிக் இருந்தால் நீலம்தான் கசியும்.

மூடுவதற்கு இரண்டு கருவிகள் கைக்கு வரும், குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றினாலும் நடந்துகொள்ளும் விதம் வேறு. குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்தின் பிக்சல்களை அப்படியே இன்னோரிடத்தில் வைக்கும். 2002-இல் ஃபோட்டோஷாப் 7.0-வில் வந்த ஹீலிங் பிரஷ் அப்படி இல்லை. அது எடுத்த இடத்திலிருந்து தோலின் நயத்தை மட்டும் கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். கன்னத்து நடுவில் இருக்கும் கீறலுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சூப்பான் விளிம்பிலோ அதுவே வம்பாகிறது, ஏனென்றால் அங்கே சுற்றுப்புறம் என்பது நீலப் பிளாஸ்டிக். பிரஷ் அந்த நீலத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, கன்னத்தில் மை கொட்டித் துடைத்ததுபோல ஒரு கறையை விட்டுச்செல்லும். புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள், கறையைத் துடைக்கத் துடைக்க அது பரவுகிறது.

ஆகவே வரிசை இதுதான்: விளிம்பு முழுவதும் முதலில் குளோன் ஸ்டாம்ப், பிளாஸ்டிக்கின் கடைசித் துளியும் மறைந்தபிறகுதான் ஹீலிங் பிரஷ். குளோன் ஸ்டாம்ப்பின் Hardness பூஜ்யத்திலும், Flow 20 சதவீத அளவிலும் இருக்கட்டும். எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றவேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால், கன்னத்து வேர்க்குரு ஒன்று வரிசையாக நாலு இடத்தில் முளைத்துவிடும். மூக்குக்குக் கீழே இருக்கும் தோலைக் கன்னத்திலிருந்து எடுப்பதும் சரிவராது. அங்கே தோல் இன்னும் வழுவழுப்பாகவும், மூக்கின் நிழலால் ஒரு படி கறுத்தும் இருக்கும். மூக்கோரத்தில் மீந்திருக்கும் சிறு துண்டிலிருந்தே அதை வளர்த்துக் கொண்டுவரவேண்டும்.

அடுத்து நீலம். இதைக் கண்ணை நம்பிச் செய்வதைவிட Info பேனலைத் திறந்துவைத்துக்கொள்வது மேல். இந்தப் படத்தில் வெளிச்சம் பட்ட கன்னத்தில் சிவப்பு 205, பச்சை 155, நீலம் 130 என்று இருந்தது. மோவாயில் அது 180, 150, 150. தோலில் சிவப்பு அதிகம், பச்சை அதற்கடுத்து, நீலம் கடைசி என்று படிப்படியாக இறங்குவதுதான் இயல்பு. மோவாயில் பச்சையும் நீலமும் சமமாகிவிட்டன, குழந்தை குளிரில் நிற்பதுபோல அந்த இடம் வெளிறிப்போயிருந்தது. வெறும் லேயர் ஒன்றைப் போட்டு, அதன் கலப்பு முறையை Color என்று வைத்து, கன்னத்து நிறத்தை எடுத்து 15 சதவீத அளவில் மெல்லப் பூசினால் நிறம் மட்டும் மாறும், வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று முறை பூசியபின் எண்கள் பழையபடி இறங்குவரிசைக்கு வந்துவிடும். தட்டு அழுத்திய சிவப்புக் கோட்டுக்கும் இதே வைத்தியம்தான்.

கன்னத்து நிழலை முழுவதுமாக அழித்துவிடக்கூடாது. சூப்பானின் நிழல் தனி, ஜன்னல் வெளிச்சத்தால் முகத்தின் வலப்பக்கத்தில் இயல்பாக விழும் நிழல் தனி. ஒரு கர்வ்ஸ் லேயரால் பிறை நிழலை மட்டும் தூக்கி, சுற்றியுள்ள அளவுக்கு வந்ததும் நிறுத்தவேண்டும். அதற்குமேல் தூக்கினால் கன்னம் தட்டையாகி, முகத்தின் உருண்டை போய்விடும்.

இப்போதுதான் வாயின் முறை. துணைப்படத்தில் உதட்டை மட்டும் வெட்டி எடுப்பது எல்லோரும் செய்யும் பிழை. லாசோவால் தாராளமாக வளைத்து, மேலே மூக்கடிப் பள்ளம், கீழே மோவாய்க் குழி, பக்கத்தில் கன்னம் ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் சேர்த்து எடுத்துவரவேண்டும். உதடு எங்கே முடிகிறது என்று குழந்தை முகத்தில் கோடுபோட்டுச் சொல்லமுடியாது. பெரியவர்களுக்கு இருப்பதுபோல உதட்டுக்குத் தெளிவான கரை அங்கே இல்லை, நிறம் மெல்ல மெல்லத் தோலில் கரையும். அந்தக் கரைவைத்தான் நாம் கொண்டுவருகிறோம், உதட்டை அல்ல.

ஒட்டிய துண்டின் ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, அடிப்படத்தோடு பொருத்தலாம். பிடிமானமாக மூக்குத்துளைகளை வைத்துக்கொள்ளுங்கள், துண்டிலும் மூக்கடி கொஞ்சம் இருக்கும், அடியிலும் இருக்கும். Ctrl+T அழுத்தி, அளவும் சாய்வும் அவற்றில் ஒத்துவரும்வரை நகர்த்தவேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருப்பதால் தூரத்து வாயோரம் சற்றுக் குறுகலாகத் தெரியவேண்டும், அதை Warp கட்டத்தில் மெல்ல உள்ளே தள்ளலாம். இங்கே ஒரு சோதனை உண்டு. பெரியவர் முகத்தில் வாயோரம் கண்ணின் கருவிழிக்கு நேர்கீழே வரை நீளும். கைக்குழந்தைக்கு அப்படி இல்லை, மூக்கின் அகலத்தைவிட வாய் கொஞ்சம்தான் பெரிது. கருவிழி வரைக்கும் நீண்ட வாய் வைத்த பிள்ளைக்கு நாற்பது வயது முகம் வந்துவிடும். இப்படிச் செய்து பிறந்தநாள் பேனரில் ஏறிய படங்களைப் பேருந்து நிறுத்தங்களில் பார்த்திருக்கலாம்.

பொருத்தியதும் கறுப்பு மாஸ்க் போட்டுத் துண்டை முழுக்க மறைத்துவிட்டு, வெள்ளை பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே கொண்டுவரவேண்டும். பிரஷ் பெரிதாக, Hardness பூஜ்யமாக, Flow 10 சதவீதமாக இருக்கட்டும். உதடுகள் முழுதாக வரும், மூக்கடியும் மோவாயும் போகப்போக அடிப்படத்தில் கலக்கும். மென்மை வேண்டுமென்று உதட்டுக்கே ப்ளர் கொடுப்பவர்கள் உண்டு. ப்ளர் கொடுக்கவேண்டியது மாஸ்க்குக்குத்தான். உதட்டில் இருக்கும் சின்னச்சின்ன ரேகைகளும், எச்சில் பட்டு மின்னும் புள்ளியும் கூர்மையாகவே இருக்கட்டும், இணைப்பு மட்டும் மங்கட்டும். மேலுதட்டு நடுவில், பால் குடித்துக் குடித்துத் தடித்த ஒரு சிறு மேடு பல குழந்தைகளுக்கு இருக்கும். அதைத் ‘தழும்பு’ என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

வாய் உட்கார்ந்தபிறகு ஒரு சங்கடம் வெளிப்பட்டது. மோவாய் நீளமாகத் தெரிந்தது. சூப்பானுக்காகத் தாடை இறங்கியிருந்ததையும், அதன்மேல் அரைகுறையாக மூடிய வாயை வைத்ததையும் நினைத்துப்பார்த்தால் காரணம் புரியும். லிக்விஃபை கருவியில் கண்ணையும் மூக்கையும் Freeze Mask போட்டு அசையாமல் கட்டிவிட்டு, மோவாயை ஏறக்குறைய 30 பிக்சல் மேலே தள்ளினோம். முகத்தில் கணக்குப்போட்டால் அது இரண்டு மில்லிமீட்டர்தான். அவ்வளவிலேயே முகம் குழந்தை முகமாகத் திரும்பியது.

கன்னமும் அதே கருவியிலேயே நிரம்புகிறது. கைக்குழந்தையின் கன்னத்துக்குள் கொழுப்புத் திண்டு ஒன்று உண்டு, சப்பும்போது கன்னம் ஒரேயடியாக உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் தாங்குவது அதுதான். வாய் ஓய்வில் இருக்கும்போது அந்தத் திண்டால் கன்னத்தின் கனம் வாயோரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கித் தொங்கும். குண்டுக் கன்னம் என்று நாம் கிள்ளுவது அந்த இடத்தைத்தான். எனவே கன்னத்தை நடுவில் ஊதவைக்காமல், வாயோரத்துக்குக் கீழே சற்று வெளிப்பக்கமாகத் தள்ளவேண்டும். பிரஷ்ஷின் அளவு கன்னத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். சிறிய பிரஷ்ஷால் தள்ளினால் கன்னத்தின் ஓரம் அலையலையாக நெளியும், அந்த நெளிவுதான் திருத்திய படத்துக்கு முதல் சாட்சி.

ஓரத்தை மட்டும் நகர்த்தினால் உருண்டை வந்துவிடாது, வெளிச்சமும் உடன் வரவேண்டும். 50 சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயரை நிரப்பி, Soft Light முறையில் வைத்து, கன்னத்து மேட்டில் டாட்ஜ் கருவியால் ஒரு சுற்று, வாயோரக் குழி இருந்த இடத்தில் இன்னொரு சுற்று. குழி கறுப்பாக இருந்ததால்தான் குழியாகத் தெரிந்தது, அது வெளுத்ததும் கன்னம் நிரம்பிவிடுகிறது. கீழுதட்டுக்கு அடியில் மெல்லிய நிழலைப் பர்ன் கருவியால் சேர்க்கவேண்டும். அது இல்லாவிட்டால் உதடு முகத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்போல நிற்கும்.

கடைசியாக நாய்ஸ். கேமரா எடுத்த தோலில் கண்ணுக்குத் தெரியாத மணல்போல ஒரு பொடி இருக்கும். பூசியும் கரைத்தும் செய்த இடத்தில் அது அழிந்து, அங்கே மட்டும் மெழுகு தேய்த்ததுபோலப் பளபளக்கும். ஃபோனில் எடுத்த வாய்க்கும் கேமராவில் எடுத்த முகத்துக்கும் அந்தப் பொடி வேறுவேறாகவும் இருக்கும். Add Noise-இல் Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்து, ஒன்று முதல் இரண்டு சதவீதம் திருத்திய இடத்தில் மட்டும் தூவினால் போதும். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் வைத்துத் தூவுங்கள், சுருக்கிய பார்வையில் அளவு தெரியாது.

வேலை முடிந்ததா என்பதை நெடுநேரம் பார்த்துப் பழகிய கண் சொல்லாது. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் அது புதுப் படமாகிவிடும், கோணல் இருந்தால் அப்போது தெரியும். இன்னொரு வழி, மேலே தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயரைப் போட்டுக் கோட்டை இரண்டு மூன்று அலையாக ஏற்றி இறக்குவது. படம் கோரமாக மாறும், ஆனால் நிறம் ஒட்டாத திட்டுகள் எல்லாம் வட்டவட்டமாக எழுந்து நிற்கும். இந்தப் படத்தில் அப்படி மோவாயின் வலப்பக்கத்தில் ஒரு திட்டு அகப்பட்டது, நீலம் அங்கே மட்டும் மிச்சம். சரிசெய்துவிட்டு அந்த லேயரை எறிந்துவிடலாம்.

எல்லாப் படத்துக்கும் இப்படிச் செய்யமுடியாது என்பதையும் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். இந்தப் படமே கால்வாசிக்குச் சுருங்கியிருந்தால் வாய்க்குக் கிடைப்பது நூற்றுச் சொச்சம் பிக்சல்தான். அதில் உதட்டு ரேகை ஏது, கரைவு ஏது? டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் படம் சுருங்காமல் வரும். துணைப்படமே இல்லாமல், முகமும் நேராக இல்லாமல் இருந்தால் வாயைக் கையால் வரைவதுதான் வழி. அப்போது சிறிய அளவு அச்சுக்குத்தான் ஒப்புக்கொள்வேன், பெரிதாக மாட்டும் படத்துக்குச் சூப்பானை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன குறை?

பாஸ்போர்ட்டுக்கு என்று கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான். அந்தப் படத்தில் சூப்பான் இருக்கக்கூடாது என்பது விதி, மென்பொருளால் முகத்தை மாற்றிய படத்தை ஏற்கமாட்டார்கள் என்பதும் விதி. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதில் குழந்தையைப் படுக்கவைத்து, சூப்பானை எடுத்த கையோடு நேர்மேலிருந்து நாலைந்து படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஜன்னல் வெளிச்சம் போதும், எடுப்பவரின் நிழல் மட்டும் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.